எமோஜி பாஸ்வேர்டு பலமானதா? ஒரு நாய், ஒரு பீட்சா, ஒரு பந்து, ஒரு சிரிப்பு சொல்லும் கணக்கு!

🐶🍕⚽😂

எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு பார்க்கும் அண்ணன் ஒருவரின் போனைத் திறக்கும் சாவி இது. (பதற வேண்டாம். இப்போது மாற்றிவிட்டார். அவரிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.) எட்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போனை வாங்கி, பழைய நான்கு இலக்க பின் நம்பரை எடுத்துவிட்டு, எமோஜி லாக் ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்திருக்கிறாள். "நம்பர்னா யார் வேணாலும் கண்டுபிடிச்சிடுவாங்கப்பா. இதை யாராலயும் முடியாது" என்று சான்றிதழும் கொடுத்துவிட்டாள்.

திங்கள்கிழமை அலுவலகத்தில் அதைப் பெருமையாகக் காட்டிய அண்ணன், என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "நீதான் டெக் செய்தி எல்லாம் போடுறியே, என் பொண்ணு சொல்றது நிஜமா?"

'ஆமாம்' என்று பாதி சொல்லலாம், 'இல்லை' என்று பாதி சொல்லலாம். எந்தப் பாதி எங்கே பொருந்தும் என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

480 மடங்கு எப்படி வந்தது?

எமோஜிதான் பலம் என்ற பேச்சு பரவலானது 2015 ஜூன் மாதத்தில். வங்கிகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் இன்டெலிஜென்ட் என்விரான்மென்ட்ஸ் என்ற பிரிட்டன் நிறுவனம், நான்கு இலக்க பின் நம்பருக்குப் பதிலாக நான்கு எமோஜிகளைப் போட்டு வங்கி ஆப்பைத் திறக்கலாம் என்று அறிவித்தது. திரையில் 44 எமோஜிகள் இருக்கும். அதில் நான்கை வரிசையாகத் தொட வேண்டும். 'மைண்ட் மேப்' முறையைப் பிரபலமாக்கிய டோனி புசானும், மனித மூளைக்குப் படங்கள் எளிதாக நினைவில் நிற்கும் என்று இதற்கு ஆதரவாகப் பேசினார்.

அந்த நிறுவனம் சொன்ன கணக்கு இது: நம்பரில் 7,290 விதமான பின்கள்தான் வரும். எமோஜியில் 34,98,308 விதம் வரும். அதாவது 480 மடங்கு.

நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000 வர வேண்டுமே, 7,290 எங்கிருந்து வந்தது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. பேப்பரில் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. ஒரே எண் அடுத்தடுத்து வரக்கூடாது என்று வைத்துக்கொண்டால், முதல் இடத்துக்கு 10 வாய்ப்பு. அடுத்த மூன்று இடங்களுக்கும் தலா 9 வாய்ப்பு. பெருக்கினால் 7,290. எமோஜிக்கும் அதே விதிதான். முதல் இடத்துக்கு 44, அடுத்த மூன்றுக்கும் தலா 43.

```
10 × 9 × 9 × 9 = 7290
44 × 43 × 43 × 43 = 3498308
```

கணக்கில் பிழை இல்லை. ஆனால், இந்த 480 மடங்கைக் கொடுத்தது எமோஜியின் மகிமை அல்ல. கீபோர்டில் 10 பட்டன்களுக்குப் பதிலாக 44 பட்டன்கள் இருந்ததுதான் ஒரே காரணம். அந்த 44 இடத்திலும் படத்துக்குப் பதில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தாலும் விடை இதேதான்.

இன்னொரு ஒப்பீட்டையும் போட்டுப் பார்த்தேன். அடுத்தடுத்து ஒரே படம் வரலாம் என்று விட்டால், 44 எமோஜியில் நான்கு போட 37,48,096 வழிகள் உண்டு. சாதாரண நம்பரிலேயே ஆறு இலக்கம் வைத்தால் 10 லட்சம். ஏழு இலக்கம் வைத்தால் ஒரு கோடி. ஆக, நான்கு இலக்கத்தோடு கூடுதலாக மூன்று எண்களைத் தட்டினாலே 44 எமோஜி பூட்டைத் தாண்டிவிடலாம்.

அண்ணன் போனில் இருந்த ஆப்பில் 44 எமோஜிகூட இல்லை. எண் பலகை மாதிரியே வரிசைக்கு மூன்றாக 12 படங்கள். 12 பட்டனில் நான்கு தட்டினால் 20,736 வழிகள். பழைய பின் நம்பரின் 10,000-ஐ விட இரண்டு மடங்கு, அவ்வளவுதான். "ஐந்தாவதா ஒரு நம்பர் சேர்த்திருந்தா பத்து மடங்காகியிருக்கும்ணா" என்றதும் அண்ணன் முகம் லேசாக வாடியது.

மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

எத்தனை வழிகள் இருக்கின்றன என்பது பூட்டைச் செய்தவரின் கணக்கு. திருடனின் கணக்கு வேறு. அத்தனை வழிகளையும் அவன் முயற்சி செய்யப் போவதில்லை. மக்கள் அதிகமாக எதை வைப்பார்கள் என்று பார்த்து, அதில் இருந்துதான் தொடங்குவான்.

நான்கு இலக்க பின் நம்பரில் இது எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2012-ல் நிக் பெர்ரி என்பவர், இணையத்தில் கசிந்த பாஸ்வேர்டுகளில் நான்கு எண்களால் மட்டும் ஆனவற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். மொத்தம் சுமார் 34 லட்சம். அதில் கிட்டத்தட்ட 11 சதவிகிதம் 1234. இவை ஏ.டி.எம் பின்கள் அல்ல, இணையத்தில் போட்ட பாஸ்வேர்டுகள்தான். இருந்தாலும் மனித சுபாவம் தெரிகிறதல்லவா? 10,000 வழிகள் இருக்க, பத்தில் ஒருவருக்கும் மேல் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எமோஜியில் இப்படி ஒரு '1234' உண்டா? இதைத்தான் ஜெர்மனியின் போகும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஆராய்ந்தார்கள். திரையில் வரிசைக்கு நான்காக ஐந்து வரிசைகள், மொத்தம் 20 எமோஜிகள். 795 பேரை ஆன்லைனில் வரவழைத்து எமோஜி பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார்கள். பிறகு, எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் அதிகமாக வருகிறது, திரையின் எந்த இடத்தில் இருந்து எந்த இடத்துக்கு விரல் போகிறது என்று இரண்டு வழிகளில் கணித்து ஊகிக்கும் முறைகளை உருவாக்கினார்கள்.

இரண்டிலுமே சாய்வு இருந்தது. சில படங்கள் மக்களை இழுக்கின்றன, சில இடங்களும் இழுக்கின்றன. மிகச் சிறந்த ஊக முறையில், 100 முயற்சிகளுக்குள் 7 சதவிகித பாஸ்வேர்டுகள் விழுந்தன. 1,000 முயற்சிகளுக்குள் 11 சதவிகிதம்.

இது நிறையவா, குறைவா? ஆய்வாளர்களே ஓர் ஒப்பீடு தருகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒன்பது புள்ளிகளை விரலால் கோடு போட்டு இணைப்போமே, அந்த பேட்டர்ன் லாக். அதைப் பற்றி 2013-ல் வெளியான ஆய்வில், 100 முயற்சிகளில் சுமார் 18 சதவிகிதமும், 1,000 முயற்சிகளில் சுமார் 50 சதவிகிதமும் விழுந்தன. இத்தனைக்கும் பேட்டர்னில் 3,89,112 கோலங்கள் போடலாம். 20 எமோஜியில் நான்கு போட்டால் 1,60,000 வழிகள்தான். காகிதத்தில் பாதிக்கும் குறைவான பலம். ஆனால், நிஜ மனிதர்கள் கையில் கொடுத்தால் எமோஜியே நன்றாகத் தாங்கியது. பேட்டர்னில் பெரும்பாலோர் ஒரு மூலையில்தான் தொடங்குகிறோம், சிலர் L, Z என்று எழுத்து மாதிரி இழுத்துவிடுகிறோம். எமோஜியில் ஆளுக்கு ஒரு ரசனை. நாய் பிடித்தவர் ஒருவர், பீட்சா பிடித்தவர் இன்னொருவர்.

ஆக, அண்ணன் மகள் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். பின் நம்பருக்கு 1234-ம், பேட்டர்னுக்கு Z-ம் வைக்கிற ஆளாக நீங்கள் இருந்தால், எமோஜி உங்களைக் கொஞ்சம் காப்பாற்றும்.

ஆனால், உங்களைத் தெரிந்தவர்களிடம் இருந்து காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. இதே காலகட்டத்தில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், உல்ம் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எமோஜி பூட்டை மக்களின் அன்றாடப் பயன்பாட்டில் கொடுத்துப் பார்த்தார்கள். அதை வைத்தவர்கள் ரசித்துப் பயன்படுத்தினார்கள். தேர்ந்தெடுக்கும்போது மூன்று வழிகளில் போனார்கள். சிலர் கீபோர்டில் கோலம் போட்டார்கள். சிலர் பிடித்த படங்களை எடுத்தார்கள். சிலர் ஒரு சின்னக் கதை அமைத்தார்கள்.

நம் நாய், பீட்சா, பந்து, சிரிப்பு இதில் எந்த வகை? அண்ணனைக் கேட்டேன். "எங்க வீட்டு நாய், அவளுக்குப் பிடிச்ச பீட்சா, எனக்கு ஃபுட்பால். கடைசியில சும்மா ஒரு சிரிப்பு" என்றார். குடும்பத்தின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஒரு வாரம் பார்க்கிற உறவினருக்கு இது போதாதா?

எட்டிப் பார்க்கிற ஆபத்தும் உண்டு. பஸ்ஸில் பின் சீட்டில் இருப்பவர் '7' எந்தப் பட்டன் என்று ஊகிப்பது போலவே, மூன்றாவது வரிசை நடுப் படம் எது என்றும் ஊகிக்கலாம். படங்களின் இடம் மாறாமல் நிலையாக இருக்கும் பூட்டில், நாய்க்குட்டி என்பது வெறும் ஒரு பட்டனின் பெயர்தான்.

அது பூட்டே இல்லை என்றால்?

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகுதான் அண்ணன் போனைக் கையில் வாங்கினேன். அங்கே வேறு ஒரு பெரிய பிரச்னை காத்திருந்தது.

ஆண்ட்ராய்டு போனின் சொந்த ஸ்க்ரீன் லாக்கில் எமோஜி என்ற வகையே கிடையாது. பின், பேட்டர்ன், பாஸ்வேர்டு. இவ்வளவுதான். பாஸ்வேர்டு பகுதியில் எப்படியாவது எமோஜியை ஒட்டினாலும், 'இந்த எழுத்தை ஏற்க முடியாது' என்ற பொருளில் மறுத்துவிடும். ஆங்கில எழுத்து, எண், குறியீடுகள் மட்டும்தான் அதற்கு ஆகும்.

அப்படியென்றால் எமோஜி லாக் ஆப்கள் என்ன செய்கின்றன? போன் திறந்த பிறகு, அதன் மேல் முழுத்திரைக்கு ஒரு படத்தைப் போர்த்துகின்றன. சரியான எமோஜிகளைத் தொட்டால் போர்வையை விலக்குகின்றன. அதனால்தான் 'மற்ற ஆப்களின் மேல் காட்ட அனுமதி' என்று நிறுவும்போதே கேட்கின்றன. கதவுக்குப் பூட்டுப் போடுவதற்கும் கதவின் முன் திரைச்சீலை தொங்கவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அண்ணன் முன்னாலேயே போனை சேஃப் மோடில் ரீஸ்டார்ட் செய்தேன். போனில் கோளாறு வந்தால் சரிபார்ப்பதற்காக இருக்கும் வசதி அது. அந்த நிலையில், நாமாக இறக்கிய ஆப்கள் எதுவும் ஓடாது. எமோஜி ஆப்பும் ஓடவில்லை. போன் நேராக முகப்புத் திரைக்கு வந்து நின்றது. கேலரி, மெசேஜ், எல்லாம் திறந்தபடி. ஏனென்றால், எமோஜி ஆப்பும் பின் நம்பரும் இரண்டு முறை கேட்டுத் தொல்லை செய்கின்றன என்று மகள் பழைய பின்னை எடுத்துவிட்டிருந்தாள். பின் போனதும் கைரேகையும் சேர்ந்தே போயிருந்தது. ஏனென்றால் ஆண்ட்ராய்டில் பின், பேட்டர்ன், பாஸ்வேர்டு மூன்றில் ஒன்று இல்லாமல் கைரேகைப் பூட்டு வைக்க முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்றைய போன்களில் நம் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி உருவாவதில் நம் பின் நம்பருக்கும் பங்கு உண்டு. தவறாகப் போடப் போட, போன் காத்திருக்க வைக்கும், காத்திருக்கும் நேரமும் கூடும். ஐபோனில் அந்த செட்டிங்கைப் போட்டு வைத்திருந்தால் 10 தவறான முயற்சிகளுக்குப் பிறகு எல்லாத் தகவலும் அழிந்துவிடும். ஆறு இலக்க பின் ஒன்று தாக்குப்பிடிப்பது, அந்தப் பத்து லட்சம் வழிகளையும் முயல யாருக்கும் நேரம் கிடைக்காது என்பதால்தான். மேலே போர்த்திய எமோஜி ஆப்புக்கு இந்தப் பாதுகாப்பு எதிலும் பங்கில்லை.

உங்கள் வீட்டுக் குழந்தைகளும் இப்படி ஏதாவது செய்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? போனின் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'ஸ்க்ரீன் லாக்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'ஸ்வைப்' என்றோ 'ஏதுமில்லை' என்றோ இருந்தால், திரையில் எத்தனை எமோஜி கேட்டாலும் உங்கள் போன் திறந்துதான் கிடக்கிறது.

இணையதள பாஸ்வேர்டில் வைக்கலாமா?

போன் பூட்டின் கதை இது. இமெயில், ஷாப்பிங் தளம் போன்றவற்றின் பாஸ்வேர்டில் எமோஜி சேர்ப்பது தனிக்கதை. இங்கே திருடனுக்குப் பத்து முயற்சி என்ற கட்டுப்பாடு எப்போதும் இருக்காது. ஒரு தளத்தின் பாஸ்வேர்டு கோப்பு கசிந்துவிட்டால், தன் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் முயற்சி செய்வான்.

எமோஜிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் கேட்கக் கவர்ச்சியானது. ஆங்கில கீபோர்டில் எழுத்து, எண், குறியீடு எல்லாம் சேர்த்து 94. எமோஜியோ தோல் நிற வேறுபாடுகளையும் சேர்த்தால் 3,700-க்கும் மேல். குருட்டாம்போக்கில் ஐந்து எமோஜியை எடுத்தால், அது குருட்டாம்போக்கில் எடுத்த ஒன்பது கீபோர்டு எழுத்துகளுக்குச் சமம். கணக்கு சரிதான்.

ஆனால், நாம் குருட்டாம்போக்கில் எடுப்பதில்லையே! எமோஜிகளைத் தரப்படுத்தும் யூனிகோட் அமைப்பு 2021-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. உலகம் முழுக்கப் பயன்படுத்தப்படும் எமோஜிகளில் முதல் 100 மட்டுமே சுமார் 82 சதவிகிதம். 😂 மட்டும் தனியாக 5 சதவிகிதத்துக்கு மேல். அடுத்த இடத்தில் ❤️. 🙏 முதல் பத்துக்குள்.

அந்த 100-க்குள்ளேயே நாமும் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? 94 பட்டன்கள் உள்ள கீபோர்டும் 100 படங்கள் உள்ள கீபோர்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்து எமோஜி, ஐந்து எழுத்து பாஸ்வேர்டு ஆகிவிடும். 100 படங்களில் ஐந்து போட 1,000 கோடி வழிகள். பெரிதாகத் தெரியும், ஆனால் கம்ப்யூட்டர்களுக்கு அது சில மணி நேர வேலைகூட ஆகாமல் போகலாம். போதாக்குறைக்கு, எமோஜி கீபோர்டைத் திறந்ததும் 'சமீபத்தில் பயன்படுத்தியவை' என்று முதல் பக்கத்தில் வரிசையாகக் காட்டுகிறது. தினமும் அதே ஐந்து படங்களைத் தட்டினால், சாவியை வாசலில் மாட்டி வைத்த மாதிரிதான்.

நீளமான வழக்கமான பாஸ்வேர்டின் நடுவில் அரிதான எமோஜி ஒன்றைச் செருகினால் பலன் உண்டு. திருடர்களின் ஊகப் பட்டியல்கள் பெரும்பாலும் கசிந்த பழைய பாஸ்வேர்டுகளில் இருந்து தயாரானவை. அவற்றில் எமோஜி குறைவு. பாஸ்வேர்டின் கடைசியில் ❤️ வைப்பதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். கடைசியில் 1 போடுவது, ஆச்சரியக்குறி போடுவது வரிசையில் அது அடுத்த பழக்கம்.

உங்களையே வெளியே நிறுத்தினால்?

உண்மையில் எமோஜி பாஸ்வேர்டில் திருடன் உள்ளே வருவதைவிட, சொந்தக்காரர் வெளியே நிற்பதுதான் அதிகம் நடக்கக்கூடியது. காரணம், எமோஜி என்பது நம் கண்ணுக்கு ஒரு படம், கம்ப்யூட்டருக்கு எண்களின் வரிசை.

இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு விதமாகப் பதிவாகலாம். வெறும் இதயக் குறி ஒன்று. 'இதை வண்ணப் படமாகக் காட்டு' என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிய இதயம் இன்னொன்று.

```
❤   U+2764
❤️   U+2764 U+FE0F
```

சில போன்களிலும் தளங்களிலும் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால், பாஸ்வேர்டு சரிபார்க்கும் கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு வேறு பாஸ்வேர்டுகள். ஒரு கருவியில் ஒன்றைப் பதிவு செய்து, இன்னொரு கருவியில் மற்றொன்றைத் தட்டினால், 'தவறான பாஸ்வேர்டு' என்றுதான் வரும். ஏன் என்று உங்களுக்குக் கடைசிவரை புரியாது.

தமிழிலும் இதே சிக்கல் உண்டு. 'கோ' என்ற எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதியலாம். திரையில் ஒரே எழுத்துதான். இதைச் சமன்படுத்தித்தான் பாஸ்வேர்டைச் சரிபார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட்டின் வழிகாட்டுதல் சொல்கிறது. எல்லாத் தளங்களும் அப்படிச் செய்கின்றன என்று நம்பி இறங்க முடியாது. இதயத்துக்கு அந்தச் சமன்படுத்தலும் உதவாது. அது எழுத்துகளைத்தான் ஒன்றாக்கும், ஒட்டியிருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியை நீக்காது.

குடும்ப எமோஜி இன்னும் வேடிக்கை. அப்பா, அம்மா, மகள், மகன் நால்வரும் நிற்கும் ஒரே படம், உள்ளே ஏழு குறிகள். நான்கு முகங்கள், அவர்களை ஒட்டவைக்கும் மூன்று பசைக் குறிகள்.

```
👨‍👩‍👧‍👦 = 👨 U+200D 👩 U+200D 👧 U+200D 👦
```

'குறைந்தது எட்டு எழுத்துகள் வேண்டும்' என்று கேட்கும் தளத்தில், இந்த ஒரு படத்தோடு ஓர் எழுத்தைச் சேர்த்தாலே எட்டு ஆகிவிடலாம். பாஸ்வேர்டு பலமாகிவிட்டது என்று பச்சை விளக்குகூட எரியும். நிஜத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு படமும் ஓர் எழுத்தும்தான். நான் பார்த்தவரை, எமோஜி பாஸ்வேர்டில் மிகவும் ஏமாற்றும் விஷயம் இந்தப் பச்சை விளக்குதான்.

பிறகு, தட்டச்சு செய்ய வழி இருக்க வேண்டுமே! மேக் கம்ப்யூட்டரில் எமோஜி பெட்டியைத் திறக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஆனால், பாஸ்வேர்டு கேட்கும் லாகின் திரையில் அந்தப் பெட்டி திறக்காது. எமோஜியை எப்படியோ பாஸ்வேர்டாக வைத்துவிட்டு, அடுத்த முறை ஆன் செய்யும்போது தட்ட முடியாமல் நிற்க வேண்டியதுதான். போன் கீபோர்டுகளிலும் பல, பாஸ்வேர்டு கட்டத்தைத் தொட்டதும் எமோஜி பட்டனை மறைத்துவிடுகின்றன. மகனின் ஹால் டிக்கெட்டை ப்ரவுசிங் சென்டரில் அவசரமாக எடுக்க வேண்டியிருக்கும்போது, அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் 🦚 மயிலை எங்கே தேடுவது?

அண்ணன் வீட்டில் என்ன நடந்தது?

எமோஜி ஆப்பை நீக்கிவிட்டு, போனின் சொந்தப் பூட்டில் ஆறு இலக்க பின் வைத்தோம். பிறந்த தேதி, திருமண நாள், பைக் நம்பர் மூன்றும் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கைரேகையும் திரும்ப வந்தது.

அன்று மாலையே மகளிடம் இருந்து போன். "அண்ணா, அப்போ எமோஜி வேஸ்ட்டா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். வேஸ்ட் இல்லை, வேறு மாதிரி பயன்படுத்தலாம் என்று ஒரு வழி சொன்னேன். எமோஜி கீபோர்டை வேகமாக உருட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைத் தொட வேண்டும். வேறு வேறு பக்கங்களில் இதை ஆறு முறை செய்ய வேண்டும். பிடிக்கவில்லை என்று எதையும் மாற்றக் கூடாது. பிறகு அந்தப் படங்களைப் போடாமல், அவற்றின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வரிசையாகத் தட்டினால் அதுதான் இமெயிலுக்கான பாஸ்வேர்டு. உதாரணத்துக்கு, 🦚🪜🥭🚜🕯️🦀 வந்தால்:

```
mayil yeni maambazham tractor mezhuguvathi nandu
```

சுமார் ஆயிரம் வெவ்வேறு படங்களில் இருந்து உண்மையிலேயே குருட்டாம்போக்கில் ஆறு எடுத்தால், அது குருட்டாம்போக்கில் எடுத்த ஒன்பது கீபோர்டு எழுத்துகளைத் தாண்டும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தட்டலாம், இதயத்துக்குள் ஒளிந்த குறி எதுவும் இல்லை. மயில் ஏணியில் ஏறி மாம்பழம் பறித்த கதையை மறப்பதும் கடினம். டோனி புசான் சொன்ன படத்தின் பலம் இங்கே நினைவுக்கு உதவுகிறது, பூட்டை எழுத்துகள் பார்த்துக்கொள்கின்றன. (மேலே உள்ள வரியை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அது இப்போது ஊருக்கே தெரியும்.)

மறுநாள் அண்ணன் சொன்னார். மகள் ஆறு படம் எடுத்துவிட்டாளாம். அவரிடம்கூடக் காட்டவில்லையாம். நான்காவதாக வந்த படத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று மட்டும் பாட்டியிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.